நான்காம் வகுப்புக் கணக்கும் தர அட்டையில் எழுத வேண்டிய நாலு வரியும்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

மகளின் அரையாண்டுத் தர அட்டையோடு கணக்கு விடைத்தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அட்டையில் இருப்பது தமிழில் 81, கணிதத்தில் 38, குறிப்பு எழுதும் கட்டத்தில் "கவனக்குறைவு. அதிகப் பயிற்சி தேவை" என்ற ஒரு வரி. இதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது, நானும் ஒன்றும் சொல்ல முடியாது. விடைத்தாள்தான் விஷயத்தைச் சொல்கிறது.

முதல் பக்கத்தைப் பாருங்கள். 768-இலிருந்து 423 போனால் 345 என்று சரியாக எழுதியிருக்கிறாள். 52-இலிருந்து 37 போனால் 25 என்கிறாள். 403-இலிருந்து 178 போனால் 375. 600-இலிருந்து 245 போனால் 445. ஆசிரியை மூன்றிலும் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறார். இவை மூன்றும் மூன்று தனித்தனித் தவறுகள் இல்லை, ஒரே தவறு. ஒவ்வொரு வரிசையிலும் எது பெரிய இலக்கமோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். 52-இல் மேலே 2, கீழே 7. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5 போட்டுவிட்டாள். மற்ற இரண்டிலும் இதையேதான் செய்திருக்கிறாள். கவனம் இல்லாத குழந்தையின் விடைகள் கண்டபடி மாறும். உங்கள் மகள் தானாக உண்டாக்கிக்கொண்ட ஒரு விதியை மூன்று கணக்கிலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். விதிதான் தவறு. அதனால் "அதிகப் பயிற்சி" என்று இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்தால், அந்தத் தவறான விதிதான் இன்னும் நன்றாகப் பதியும்.

அப்புறம் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறதே, அது ஏன் என்று ஓரத்தைப் பார்த்தால் தெரியும். 7 × 8-க்கு ஏழு ஏழாகக் கோடு போட்டு, எட்டு வரிசையையும் எண்ணி 56 எழுதியிருக்கிறாள். விடை சரி. ஆனால் ஒவ்வொரு பெருக்கலுக்கும் இப்படி எண்ணினால் கடைசிப் பக்கத்துக்கு நேரம் எங்கே இருக்கும்?

நல்லதும் அதே தாளில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. ஐந்து வாழ்க்கைக் கணக்கிலும் கூட்டுவதா, கழிப்பதா, பெருக்குவதா என்று அவள் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நிறையக் குழந்தைகள் தடுமாறும் இடம் அது. கடிகாரம், வடிவங்கள் இரண்டிலும் ஒரு தவறு கூட இல்லை.

தர அட்டையில் எப்படி எழுதியிருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் கேட்டால் இப்படி எழுதுவேன்:

"உங்கள் மகள் வாழ்க்கைக் கணக்குகளைப் படித்து, என்ன செய்ய வேண்டும் என்று சரியாக முடிவு செய்கிறாள். கடிகாரமும் வடிவங்களும் அவளுக்கு நன்றாக வருகின்றன. கழித்தலில் மேல் இலக்கம் சிறியதாக இருந்தால், பத்தை ஒன்றுகளாக மாற்றாமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறாள். பெருக்கலுக்குக் கோடு போட்டு எண்ணுவதால் நேரம் போதவில்லை. இந்த இரண்டிலும் அவள் நான்காம் வகுப்பு நிலைக்கு இன்னும் வரவில்லை. வாரம் இரண்டு நாள் வகுப்பில் அருகில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தினமும் பத்து நிமிடம், பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்து மூன்று கழித்தல் கணக்கு போடச் சொல்லுங்கள். முழு வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். பிப்ரவரி கடைசியில் மறுபடி பார்ப்போம்."

இதில் "நிலைக்கு இன்னும் வரவில்லை" என்ற வரியை எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுக்கக் கூடாது. இனிப்பாக மட்டும் எழுதினால் பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் நீள் வகுத்தல் வரும்போது குழந்தை மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல் இருக்கிறது. அதே சமயம், எது வரவில்லை என்று குறிப்பாகச் சொல்லிவிட்டதால், "என் பெண்ணுக்குக் கணக்கே வராது" என்று யாரும் முடிவு கட்டவும் முடியாது. ஆசிரியை தன் பங்குக்கு என்ன செய்யப்போகிறார் என்ற வரியும் அவசியம். பொறுப்பு முழுவதையும் வீட்டுத் தலையில் போடும் குறிப்பைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் கோபம்தான் வரும், அந்தக் கோபம் கடைசியில் குழந்தை மேல் திரும்பும்.

நாற்பது பிள்ளைகளுக்கு எழுத வேண்டிய ஆசிரியைக்கு அட்டையில் இடமும் இல்லை, நேரமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது விடைத்தாளை எடுத்துப்போய், "டீச்சர், இந்த மூன்று கணக்கிலும் ஒரே மாதிரி தப்பு வந்திருக்கிறது, பாருங்களேன்" என்று காட்டுங்கள். சண்டைக்குப் போன மாதிரி இருக்காது. வகுப்பில் என்ன செய்யலாம் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் ஒரு சின்னச் சோதனை. "ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று வாயால் கேளுங்கள். மறுநாள் 50 − 37 என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் 13 என்று சொல்லிவிட்டு, தாளில் 27 என்று எழுதினால் பயப்பட ஒன்றும் இல்லை. அளவு அவளுக்குப் புரிகிறது. எழுதும் முறையோடுதான் அது சேரவில்லை. வாயாலும் வரவில்லை என்றால் இன்னும் கீழே போய், தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, 34 என்றால் மூன்று கட்டும் நான்கு குச்சியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வாயால் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் அவளிடம் கொடுங்கள். அது 52. உங்களுக்கு 37 தர வேண்டும். முதலில் ஏழு ரூபாய் சில்லறை கேளுங்கள். இரண்டுதான் இருக்கிறது என்று அவளே சொல்வாள். "அப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாற்றலாம் என்று சொல்லும்வரை நீங்கள் சொல்லித்தராதீர்கள். மாற்றியதும் அவளிடம் நான்கு தாள், பன்னிரண்டு நாணயம். ஏழு கொடுத்தால் ஐந்து மிச்சம், மூன்று தாள் கொடுத்தால் ஒன்று மிச்சம், ஆக 15. கையால் செய்த ஒவ்வொன்றையும் அந்த நேரமே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. பள்ளியில் இனமாற்றம் என்றும், நாம் படித்த காலத்தில் கடன் வாங்குவது என்றும் சொன்னது இதைத்தான். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுங்கள். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

நடுவில் பூஜ்யம் வரும் கணக்கைத் தொட அவசரப்பட வேண்டாம். இரண்டு இலக்கக் கழித்தல் தாள், நாணயம் இல்லாமலே சரியாக வந்த பிறகு 403-க்குப் போகலாம். நான்கு நூறு ரூபாய், பத்து ரூபாயே இல்லை, மூன்று நாணயம். எட்டு ரூபாய் கொடுக்க வேண்டும், மாற்றப் பத்து ரூபாய் இல்லை. அதனால் ஒரு நூறைப் பத்து பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தை நாணயமாக மாற்ற வேண்டும். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. 178 கொடுத்தால் மீதி 225. அந்த ஒன்பது எப்படி வந்தது என்பது எழுத்தில் மட்டும் படித்த பிள்ளைகள் பலருக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. மாற்றிய கைக்கு அது தெரியும். முடிந்ததும் 225-ஐயும் 178-ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 403 வர வேண்டும். சரியா தப்பா என்று நீங்கள் சொல்லத் தேவை இல்லாமல் போகும்.

பெருக்கலுக்கு வருவோம். பத்து வரைக்குமான வாய்ப்பாட்டில் 1, 2, 5, 10 அவளுக்குத் தெரியும் என்கிறீர்கள். அவற்றை எடுத்துவிட்டு, 7 × 8-ம் 8 × 7-ம் ஒன்றுதான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மிச்சம் படிக்க வேண்டியது 21 பெருக்கல்தான். நாளுக்கு ஒன்று போதும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகச் சொல்லுங்கள்: 7 × 4 = 28, அதை இரண்டு மடங்காக்கினால் 7 × 8 = 56. கடிகாரம் வைத்து வேகம் பார்க்க வேண்டாம். பதற்றத்தில் மறுபடி கோடு போடத் தொடங்கிவிடுவாள்.

டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். அங்கே வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவதுதான் வேலை என்றால் வேண்டாம். இந்த விடைத்தாளைக் காட்டி "எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்பு இடமதிப்பிலிருந்து என்று சொல்பவரிடம் தாராளமாக அனுப்பலாம்.

அவள் இன்ஜினியரிங் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடையாது. கணக்கு இருக்கும் குரூப் எடுப்பதா என்பது பத்தாம் வகுப்பு முடிந்து எடுக்கும் முடிவு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100 என்றாலும், அது பன்னிரண்டாம் வகுப்பு மார்க். ஒன்பது வயதில் வாங்கிய 38 அங்கே எந்தக் கணக்கிலும் வராது. அவள் எதிரில் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தும், 47, 74 இரண்டில் எது பெரியது என்பதில் குழப்பம், 5-உம் 3-உம் கூட்ட ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விரல் எண்ணுவது, சில்லறையும் புரியாமல் இருப்பது என்று தொடர்ந்தால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ பரிசோதிக்க வேண்டும். கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் மகளின் தாளில் எனக்கு அந்த அறிகுறி எதுவும் தெரியவில்லை, ஆனால் ஒரு தாளை வைத்து இல்லை என்று உறுதி சொல்ல மாட்டேன்.

பிப்ரவரிவாக்கில் ஒரு புதுத் தவறு வரலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாற்றும் முறை பிடிபட்டதும் பிள்ளைகள் தேவை இல்லாத இடத்திலும் மாற்றுவார்கள். அரையாண்டில் சரியாகப் போட்ட அதே 768 − 423-இல் கூட 6-ஐ அடித்து 5 ஆக்கிவிடுவாள். பின்னடைவு என்று நினைக்க வேண்டாம். மாற்ற வேண்டிய கணக்கும் வேண்டாத கணக்கும் கலந்து ஐந்து எழுதிக்கொடுத்து, போடுவதற்கு முன் எதில் சில்லறை மாற்ற வேண்டும் என்று மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். ஐந்திலும் வட்டம் சரியாக விழுந்தால், அந்தத் தாளை எடுத்துப்போய் ஆசிரியையிடம் காட்டி, ஆண்டுத் தேர்வு அட்டையில் அதைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள்.