அந்தச் சத்தத்தில் பணம் இல்லை

"மலைக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நெட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது. சத்தத்திலேயே பணம் வாங்கலாம், பட்டன் போன் போதும், நெட் வேண்டாம் என்று ஒரு ஏஜென்ட் மெஷின் காட்டுகிறார். அந்தச் சத்தத்தை யாராவது ரெக்கார்டு செய்து பணத்தை எடுத்துவிட மாட்டார்களா?"

எடுக்க முடியாது. மெஷின் ஒலிப்பது உங்கள் கடைக்கான அடையாள எண்ணை மட்டும்தான். வெவ்வேறு சுருதிகளாக அந்த எண்ணைச் சட்டென்று ஒலித்துவிடும். அதை ரெக்கார்டு செய்து யார் போட்டுக்காட்டினாலும் பணம் உங்கள் கணக்குக்குத்தான் வரும், சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டையைப் போல. வாடிக்கையாளரின் பின் நம்பர் அதில் இல்லை.

ஆனால் 'நெட் வேண்டாம்' என்றால் 'சிக்னலே வேண்டாம்' என்று பொருள் இல்லை. ஏஜென்ட்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் அறிமுகப்படுத்திய யுபிஐ 123பே திட்டத்தில் உள்ள நான்கு வழிகளில் ஒன்று இது. வாடிக்கையாளர் ஒரு எண்ணை அழைத்து, கடைக்குப் பணம் கட்டுவதைத் தேர்ந்தெடுத்து, போனை மெஷினருகே பிடிப்பார். சத்தம் அந்த அழைப்பு வழியாகவே மறுமுனைக்குப் போகும். பிறகு தொகையையும் பின் நம்பரையும் அவரே அழுத்துவார். ஆக, பேசுவதற்காவது டவர் வேண்டும்.

இதில் ஒரு சோதனை இருக்கிறது. சாதாரண போன் அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். காதுக்கே கேட்காத ஒலி என்று ஏஜென்ட் பெருமை பேசினால், அது ஸ்மார்ட்போன் செயலிக்கான மெஷின். பட்டன் போன் அழைப்பில் அந்த ஒலி வெட்டுப்பட்டுவிடும். பட்டன் போனிலேயே கட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

டவரே இல்லாத இடம் என்றால் கதை வேறு. முன்கூட்டியே பணம் ஏற்றிய வாலட்டிலிருந்து சிறு தொகையைக் கட்டலாம். போன் டிஜிட்டல் கையொப்பமிட்ட செய்தியை மெஷினுக்கு அனுப்பும், மெஷின் அதைச் சேமித்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் வங்கிக்கு அனுப்பும். அதுவரை உங்கள் கணக்கில் ஒரு காசும் ஏறியிருக்காது. 2022 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு தடவைக்கு 200 ரூபாய் என்றுதான் வரம்பு வைத்தது, பிறகு உயர்த்தியது. பெரிய பில்லுக்கு இதை நம்பாதீர்கள். அப்புறம், உங்களிடம் காட்டிய மெஷின் இந்த வகையா என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

நான் பயப்படுவது சத்தத்தைப் பார்த்து அல்ல, உங்கள் கடையை மெஷினுக்காகப் பதிவு செய்து தருகிற ஆளைப் பார்த்து. கடை எண்ணோடு தன் கணக்கையோ, தன் மொபைல் எண்ணையோ இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏஜென்ட் எதிரிலேயே உறவினர் ஒருவரை ஒரு ரூபாய் கட்டச் சொல்லுங்கள். மெஷின் சொல்வதையும் ஏஜென்ட் காட்டும் திரையையும் விடுங்கள், உங்கள் பாஸ்புக்கில் ஏறியதா என்று பாருங்கள். அதற்குள் மெஷின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். 'பணம் வர' என்று சொல்லி உங்கள் பின் நம்பரைக் கேட்டால், அந்த ஆளை உடனே வெளியே அனுப்பிவிடுங்கள். வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்தம் ஆகி, பணம் கட்டியதற்கான உறுதி உங்களுக்கு வரவில்லை என்றால், வங்கி மெஷின் கம்பெனியைக் கைகாட்டும், கம்பெனி வங்கியைக் கைகாட்டும். இந்த அலைக்கழிப்பு சகிக்க முடியாதது, ஏனென்றால் விதி தெளிவாகவே இருக்கிறது: 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் தன் வங்கியிலேயே எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளட்டும்.