குடியிருந்தவர் விட்டுப்போன பொருட்களை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் குடியிருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஃபிரிட்ஜ், கட்டில், மூன்று மூட்டைப் புத்தகங்கள், பூட்டிய இரும்புப் பெட்டி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒரு மாத வாடகை பாக்கி. போனையும் எடுப்பதில்லை. அடுத்த வாரம் புதியவர்கள் குடிவருகிறார்கள். பொருட்களை விற்றுப் பாக்கியைக் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போது விற்காதீர்கள். வீட்டை விட்டுப் போனதாலேயே அவருடைய பொருட்கள் உங்களுடையவை ஆகிவிடுவதில்லை. நீங்கள் கேட்காமலேயே காவல் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. வாடகை பாக்கி தனிக் கணக்கு. முன்பணம் இருந்தால் ஒப்பந்தப்படி அதில் கழியுங்கள். பாக்கிக்காகப் பொருட்களைப் பிடித்துவைத்தால், பணம் தரவேண்டியவர் உங்கள் மீதே வழக்குப் போடும் நிலை வரும்.

சாவி கைக்கு வந்துவிட்டதால் அவர் காலிசெய்துவிட்டார் என்பதில் சந்தேகமில்லை. சாவி வராமல் வீடு பூட்டிக் கிடந்திருந்தால், உள்ளே நுழைவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசச் சொல்லியிருப்பேன்.

எதையும் நகர்த்துவதற்கு முன் பட்டியல் எடுங்கள். உங்கள் குடும்பத்தைச் சேராத இருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும், பிறகு ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகவும் படம் எடுங்கள். 'ஃபிரிட்ஜ் ஒன்று' என்று எழுதினால் போதாது. நிறுவனம், பின்பக்கத்து வரிசை எண், கதவில் உள்ள கீறல், ஓடுகிறதா இல்லையா என்பதுவரை எழுதுங்கள். பின்னாளில் தகராறு எழுவது பெரும்பாலும் இந்தக் கீறலில்தான். சாட்சிகள் கையெழுத்திட்ட பட்டியலையும் படங்களையும் அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டால் தேதிக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இரும்புப் பெட்டியை உடைக்காதீர்கள். பூட்டின் மேல் காகிதம் ஒட்டி, மூவரும் அதில் குறுக்காகக் கையெழுத்திட்டு, படம் எடுங்கள். பட்டியலில் 'பூட்டிய பெட்டி, உள்ளே இருப்பது தெரியாது' என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர், விட்டுப்போன பெட்டியைத் திறந்து, பழைய துணிகள்தான் என்று பத்தாம் நாள் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார். குடியிருந்தவர் திரும்பி வந்து உள்ளே நகை இருந்தது என்றார். இருந்ததோ இல்லையோ, இல்லை என்று காட்ட வீட்டுக்காரரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஃபிரிட்ஜில் கெட்டுப்போகும் உணவு இருந்தால் படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம். உள்ளே துடைத்து, கதவைச் சற்றே திறந்துவையுங்கள். மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். புத்தக மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள். சான்றிதழ், அடையாள அட்டை போன்றவை கண்ணில் பட்டால் தனி உறையில் போட்டு மூடுங்கள். அவற்றை எந்த நாளிலும் எறியக்கூடாது.

அடுத்தது அறிவிப்பு. உங்கள் ஊர்ச் சட்டமோ வாடகை ஒப்பந்தமோ நாள் கணக்குச் சொன்னால் அதுவே செல்லும். சொல்லாவிட்டால் 30 நாட்கள் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"நீங்கள் 3ஆம் தேதி காலிசெய்த வீட்டில், இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் கண்ட பொருட்கள் உள்ளன. அவற்றை என் வீட்டுப் பின்னறையில் பாதுகாப்பாக வைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள், முன்கூட்டித் தெரிவித்துவிட்டு எடுத்துச் செல்லலாம். வராவிட்டால் பொருட்களை விற்று, பாதுகாப்புச் செலவும் விற்பனைச் செலவும் போக மீதியை உங்களுக்காக வைத்திருப்பேன்."

இதை அவர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு, கிடைத்ததற்கு ஒப்புகை தரும் தபாலில் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் அவசரத் தொடர்புக்கு யாரையாவது குறித்திருந்தால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். நாள் கணக்கு கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான். அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவது பலர் செய்யும் தவறு. கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முயன்றதற்கு அதுவே சாட்சி. அப்போது விற்பதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

அவருடைய தம்பி என்று ஒருவர் வந்து நின்றால், குடியிருந்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். அவரே வந்து கட்டிலை மட்டும் எடுத்துப் போனால், பட்டியலில் அந்த வரிக்கு எதிரே தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

கெடு முடிந்தும் யாரும் வராவிட்டால், இருவரிடம் எழுத்தில் விலை கேட்டு, கூடுதலாகத் தருபவரிடம் ரசீதுடன் விற்கலாம். வாங்குபவர் உங்கள் உறவினராக இருக்க வேண்டாம். பெட்டியையும் சாட்சிகள் முன்புதான் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதற்குப் புதிய பட்டியல் போடுங்கள். நகையோ ஆவணமோ இருந்தால் விற்பனையில் சேர்க்காமல், மறுபடி ஒரு கடிதம் எழுதி அவருக்குத் தெரிவியுங்கள்.