இரவு எக்ஸ்போர்ட் ஃபைலும் டேட்டா கான்ட்ராக்டும்

கேள்வி: இரவில் ஒரு டீம் ஃபைல் போடுகிறது, நாங்கள் மூன்று டீம் அதை எடுக்கிறோம். ஃபைலில் என்ன, எப்படி வரும் என்று அனுப்புபவரும் எடுப்பவரும் எழுதி ஒப்புக்கொள்ளும் டேட்டா கான்ட்ராக்ட் போடச் சொல்கிறார்கள். ஃபீல்டு பெயரும் டைப்பும் எழுதி வைத்தால் போதாதா?

போதாது. பெயர், டைப் மாறினால் ஜாப் உடனே விழும், காலையிலேயே தெரிந்துவிடும். ஆபத்து, இரண்டும் அப்படியே இருக்க அர்த்தம் மட்டும் மாறுவதில்தான்.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு பில்லிங் பார்த்தபோது நடந்தது இது. அதிகாலை 3 மணிக்கு கேட் விவரங்கள் ஃபைலாக வரும், அதை வைத்து நாள் கணக்கில் வாடகை போடுவோம். அனுப்பும் டீம் சர்வரை மாற்றியதில் `gate_in`, `gate_out` நேரங்கள் யுடிசியில் வர ஆரம்பித்தன. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ரோ எண்ணிக்கை, டைப் எல்லாம் சரியாகவே இருந்தன.

வடசென்னையில் டிரெய்லர்கள் நள்ளிரவுக்கு மேலும் ஓடும் என்பதால் அடி பலமாக விழுந்தது. 1ஆம் தேதி மதியம் வந்து 6ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு வெளியே போன கன்டெய்னர், ஃபைலில் 5ஆம் தேதி இரவு 8:30க்குப் போனதாக இருக்கும். ஆறு நாள் வாடகை ஐந்தாகிவிடும். அதிகாலையில் உள்ளே வந்து பகலில் போனதற்கோ ஒரு நாள் கூடும். கூடுவதும் குறைவதும் ஓரளவு ஈடாகிவிடுவதால் மாத மொத்தத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. கூடுதலாகப் பில் போன வாடிக்கையாளர் சண்டைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. குறைவாகப் பில் போனவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்!

அப்புறம் கான்ட்ராக்டில் இப்படிச் சேர்த்தோம்:

```yaml
gate_out:
  type: timestamp
  example: "2025-03-06T02:00:00+05:30"
  check: "max(gate_out) >= run_time - 1 hour"
```

`+05:30` மதிப்போடு ஒட்டியே வருவதால், நாளைக்கு அது `+00:00` ஆனாலும் எடுப்பவர் சரியாக மாற்றிக்கொள்ளலாம். கடைசி வரி இன்னும் முக்கியம். 3 மணி ஃபைலில் கடைசி லாரி இரவு 9:20க்குப் போனதாக இருந்தால் ஏதோ தப்பு. இந்தச் சோதனையை அனுப்பும் டீம்தான், ஃபைலை வெளியிடும் முன் ஓட்ட வேண்டும். எடுக்கும் மூன்று டீமும் தனித்தனியே ஓட்டினால் ஒருவர் நிறுத்துவார், மற்ற இருவர் தப்பான ஃபைலை ஏற்றிவிடுவார்கள்.

பொங்கல், புயல், லாரி ஸ்டிரைக் என்று கேட் மூடியிருக்கும் நாளில் இது வீணாகக் கத்தும். அன்று பார்த்துவிட்டுக் கையால் விடுவிக்க ஒருவர் பெயரையும் கான்ட்ராக்டில் போடுங்கள்.

அர்த்தத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய ஃபீல்டைத் தொடாமல் `gate_out_utc` என்று புதிதாகச் சேர்க்கட்டும். எடுப்பவர் எல்லாரும் மாறிய பிறகு பழையதை நீக்கலாம். யார் யார் எடுக்கிறார்கள் என்பதை ஞாபகத்திலிருந்து எழுதாமல், அந்த ஃபோல்டரின் அக்சஸ் லாக்கைப் பாருங்கள். எங்களுடையதில் யாருக்குமே தெரியாமல் அக்கவுன்ட்ஸில் ஒருவர் தினமும் எக்செலில் திறந்துகொண்டிருந்தார்.