அண்ணனுக்கு முதல் வரி

"வீட்டுப் பங்குத் தகராறுக்குப் பிறகு அண்ணனோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. 'எப்படி இருக்கே?' என்று எழுதி எழுதி அழிக்கிறேன். எப்படித் தொடங்குவது?"

இப்படி அனுப்புங்கள்: "அண்ணே, சாப்டாச்சா? இன்னைக்கு அம்மா பக்குவத்துல மாங்கா ஊறுகாய் போட்டேன். உன் ஞாபகம் வந்துச்சு. உடனே பதில் போடணும்னு இல்ல."

'எப்படி இருக்கே' என்பதற்கு உண்மையாகப் பதில் சொன்னால் சண்டையைத் தொட வேண்டியிருக்கும். அதனால்தான் உங்களுக்கும் கை வரவில்லை என்று நினைக்கிறேன். 'சாப்டாச்சா'வுக்கு 'ம், ஆச்சு' போதும்.

அனுப்பும் முன் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'ஆனா', 'நீதான்', 'இருந்தாலும்' வந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வீட்டுப் பேச்சு இதில் வேண்டவே வேண்டாம்.

நீல டிக் விழுந்தும் பதில் வராமல் போகலாம். அப்புறம் இன்னொன்று அனுப்பாமல் பொறுங்கள். என் தங்கை பதினோராம் நாள்தான் பதில் போட்டாள்.