பெயர் சொல்லாத பொருளுக்கு மாற்று

கேள்வி: கடைசி நேரத்தில் பார்த்தால் அது தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறு எதைப் போடலாம்?

எது, எந்தச் சமையலுக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. பெயர்கூட வேண்டாம், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொன்னாலும் போதும். ஒரே பொருளுக்குச் சமையலைப் பொறுத்து மாற்று மாறும்.

புளி என்றே வைத்துக்கொள்வோம். ரசத்தில் அதன் வேலை புளிப்பு மட்டும். இரண்டு தக்காளியைக் கரைத்துவிட்டு, அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும். கொதிக்கும்போதே பிழிந்தால் கசப்புத் தட்டும். நானே ஒருமுறை ஒரு பாத்திரம் ரசத்தைக் கொட்டியிருக்கிறேன். வற்றல் குழம்பிலோ புளிதான் நிறமும் திடமும் தருகிறது. அங்கே எலுமிச்சை உதவாது. நெல்லிக்காய் அளவுப் புளிக்கு மூன்று நாட்டுத் தக்காளியை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். புளிப்புப் போதாவிட்டால் மாங்காய்த் துண்டு ஒன்று சேர்க்கலாம். ஆனாலும் புளி ஊற்றிய குழம்பு அளவுக்கு இது நாள்பட வெளியில் தாங்காது.

உங்களுடையது புளியா, முட்டையா, தயிரா? சமையலின் பெயரோடு எழுதுங்கள்.