கமிஷன் ஸ்டேட்மெண்ட்டை வைத்து ஏஜெண்டின் உண்மையான வருமானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: தங்கைக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். மூன்று மாத கமிஷன் ஸ்டேட்மெண்ட் காட்டினார்கள், மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் வருகிறது. நம்பலாமா?

காட்டியது ஜனவரி முதல் மார்ச் வரை என்றால், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வரி சேமிப்புக்காக ஜனங்கள் பாலிசி எடுக்கும் மாதங்கள் அவை. மாப்பிள்ளை பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. என் கணவரும் ஏஜெண்ட்தான், வீட்டில் கணக்கு எழுதுவது நான்.

வீட்டுக் கடனுக்கு ஜூன் மாதம் போனோம். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் வருமானமா?" என்றார் அந்த அதிகாரி. மார்ச்சில் அவசரமாக எடுத்த பாலிசிகளில் சிலவற்றை 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், சிலரின் செக் திரும்பிவிடும். அப்படிப் போன பாலிசிகளின் கமிஷனை ஏப்ரல், மே மாதங்களில் பிடித்துக்கொண்டார்கள். அதை அவர் கேட்கவே இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் நானே 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டேன். பணம் வந்த மாதத்தை விட்டுவிட்டு, பாலிசி விற்ற மாதத்தைப் பார்க்க வேண்டும். பிடித்தங்களுக்கு முன் எங்கள் புது பாலிசி கமிஷன் 3,00,000 ரூபாய். அதில் ஏப்ரலில் வந்த 50,000 முந்தைய மார்ச் விற்பனைக்கு உரியது, கழித்தேன். இந்த மார்ச்சில் விற்று அடுத்த ஏப்ரலில் வரவேண்டிய 20,000-ஐச் சேர்த்தேன். ஆக 2,70,000. முந்தைய வருட விற்பனையில் பத்தில் ஒரு பங்கு கமிஷன் திரும்பிப் போயிருந்தது. இந்த வருடத்துக்கும் அதே அளவு, 27,000, ஒதுக்கினேன். மீதி 2,43,000.

புதுப்பிப்பு கமிஷன் 1,80,000. இதைத் தனியாக வையுங்கள், குடும்பம் நம்பி நிற்பது இதைத்தான். பழைய வாடிக்கையாளர் பிரீமியம் கட்டினால்தான் வரும் என்பதால், இரண்டு மூன்று வருடத் தொகையை வாங்கி ஒப்பிடுங்கள். குறைந்துகொண்டே போனால் பாலிசிகள் காலாவதியாகின்றன.

மொத்தம் 4,23,000, மாதம் 35,250. பெட்ரோல், போன் செலவு இதில்தான். டிடிஎஸ்ஸைச் செலவாகக் கழிக்காதீர்கள், அது முன்கூட்டிக் கட்டிய வரி. ஆடிட்டர்கள் இந்தக் கணக்கில் குறை சொல்லலாம். இது வரித் தாக்கலுக்கு அல்ல, வீட்டுக்கு எவ்வளவு நிற்கும் என்று பார்க்க. பிடித்த டிடிஎஸ் எல்லாம் பதிவாகியிருக்கும் வருமான வரித்துறையின் 26AS படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி கமிஷனை வரவு வைத்தபோதே டிடிஎஸ் பிடித்திருந்தால், தாமதமாகக் கைக்கு வந்த தொகையும் உரிய வருடத்திலேயே தெரியும்.

இன்னொன்று. "முதல் வருட கமிஷனில் பாதியை எங்களுக்குக் கொடுங்கள்" என்று சொந்தக்காரர்களே கூசாமல் கேட்கிறார்கள். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. என் கணவர் கொடுப்பதில்லை, அதனால் போன பாலிசிகள் நிறைய. கொடுக்கிறவர்களின் ஸ்டேட்மெண்ட்டில் முழுத் தொகையும் வருமானமாகத்தான் தெரியும். மாப்பிள்ளையிடம் இதையும் நேராகக் கேட்டுவிடுங்கள்.