பிரிண்டர் இங்க் பிளான்: ஒரு மாசம் மட்டும் பில் ஏறினா என்ன பண்றது?

கேள்வி: நியூஜெர்சில இருக்கோம். ஹெச்பி கார்ட்ரிட்ஜ் அனுப்பிட்டு, அடிக்கிற பக்கத்துக்கு மாசாமாசம் காசு வாங்குற இன்ஸ்டன்ட் இங்க்ல மாசம் 50 பக்க பிளான், 4.99 டாலர். ஏப்ரல்ல டாக்ஸ் பேப்பர், பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட்னு 137 பக்கம் போயிருச்சு, பில் 15.49. மத்த மாசம் 30 தாண்டாது. 7.99க்கு 100 பக்க பிளான் இருக்கு, அதுக்கு மாறட்டுமா? இல்ல கேன்சல் பண்ணிடட்டுமா?

பதில்: ரெண்டும் வேணாம், 50லயே இருங்க. நீங்க அனுப்புன பில்லுல முன்னாடி அடிக்காம மிச்சமான 22 பக்கம் ரோல்ஓவரா இருந்திருக்கு, அதையும் சேத்தா கையில 72, மீதி 65 பக்கம் எக்ஸ்ட்ரா. எக்ஸ்ட்ராவ பக்கம் பக்கமா போட மாட்டாங்க, உங்க பிளான்ல 10 பக்கம் ஒரு செட், செட்டுக்கு 1.50, அதனால 65க்கு 7 செட் ஆகி 10.50 ஏறிடுச்சு.

ரெண்டு பிளானுக்கும் வித்தியாசம் 3 டாலர், அதாவது ரெண்டு செட் காசு. மாசாமாசம் 70 பக்கம் தாண்டினா தான் 100 பிளான் லாபம், நீங்க 30 தானே அடிக்கிறீங்க. மாசம் 20 பக்கம் மிச்சமாகி சேந்துகிட்டே வரும், ஆனா பிளானோட மூணு மடங்கு, உங்களுக்கு 150, அதுக்கு மேல சேராது. இந்த தடவை அடிவாங்கினது நீங்க சேந்து ரெண்டு மாசம் கூட ஆகாததால தான், அடுத்த ஏப்ரல்ல இதே 137 வந்தாலும் சேத்து வச்சதுலயே போயிரும்.

நடுவுல பெரிய பிரிண்ட் வேலை வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா அந்த மாசம் மட்டும் 100க்கு ஏறிட்டு அப்புறம் இறங்குங்க. ஏத்தும்போது அது இந்த பில்லுக்கா அடுத்த பில்லுக்கான்னு ஸ்க்ரீன்ல பாத்துட்டு அமுக்குங்க. ஏப்ரல்ல அப்படி பண்ணிருந்தா 15 பக்கம் தான் எக்ஸ்ட்ரா, 15.49ஐ விட கம்மியா முடிஞ்சிருக்கும்.

இன்னொன்னு, இங்க எண்ணுறது இங்க்கை இல்ல, பக்கத்தை. முழுப்பக்க கலர் போட்டோவும் ஒண்ணு, ஒரே ஒரு வரி இருக்கிற தாளும் ஒண்ணு. வெப்சைட்ல இருந்து சமையல் குறிப்பு அடிச்சா கடைசி தாள்ல வெறும் லிங்க் மட்டும் வரும் பாருங்க, அதுவும் ஒரு பக்கம் தான், ப்ரிவ்யூல பாத்து வெட்டிடுங்க. தாளோட ரெண்டு பக்கமும் அடிச்சா ரெண்டா எண்ணுவாங்க, ஒரே பக்கத்துல ரெண்டு பக்கத்தை சுருக்கி அடிச்சா ஒண்ணு தான்.

கேன்சல் பத்தி கேட்டீங்க, அதுல தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஹெச்பி அனுப்புற கார்ட்ரிட்ஜ் உங்களோடது இல்ல, கேன்சல் பண்ணா பில் மாசம் முடிஞ்ச அன்னிக்கு உள்ள இங்க் நிறைய இருந்தாலும் பிரிண்டர் அதை ஏத்துக்காது, சேத்து வச்ச ரோல்ஓவரும் போயிரும். என்னைக்காவது நிறுத்துறதா இருந்தா கடையில விக்கிற சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒரு செட் வாங்கி வீட்டுல வச்சுட்டு அப்புறம் நிறுத்துங்க.